5.1 கலவையை ஸ்டீரியோவாக்கியபோது வசனம் மங்கியது ஏன்? ஒரு படத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் ஒரு சிறு குழு எடுத்த 52 நிமிடத் தமிழ்ப் படம் இது. வீவக அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, வேலை வேலை என்று ஓடும் மகன், எப்போதாவது வந்து போகும் மகள். கதையில் பாதி பேச்சிலேயே நகர்கிறது. முதலில் ஒரு திரையரங்கில் காட்டத் திட்டமிட்டதால் 5.1 சரவுண்டில் ஒலிக்கலவை செய்தோம். வாடகைக்கு எடுத்த கலவைக் கூடத்தில் நான்கு நாள் வேலை. வசனம் முன்பக்க நடுவில் இருக்கும் சென்டர் சேனலில், இசை முன்பக்க இடது வலதில், சந்தைக் கூட்டம், மழை, ரயில் போன்ற சூழல் ஒலிகள் பெரும்பாலும் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் சரவுண்டில். திரையரங்கில் நன்றாகவே கேட்டது.

இரண்டு மாதம் கழித்து அதே படத்துக்கு ஸ்டீரியோ வடிவம் தேவைப்பட்டது. ஓர் இணைய ஒளிபரப்புத் தளம் கேட்டிருந்தது. அதற்கு முன்பே ஒரு சமூக மன்றத்தில் முதியோருக்காக ஒரு காட்சி ஏற்பாடாகியிருந்தது. ஒலித்தொகுப்பும் ஸ்டீரியோவாக்கும் வேலையும் என் பொறுப்பு. கலவை செய்தவர் என்னைவிட மூத்தவர், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுபவர். அவர் அப்போது வெளிநாட்டில் வேறு படத்தில் இருந்தார்.

முதல் ஸ்டீரியோ வடிவம்

மூன்று நாள்தான் இருந்தது. முடிந்த 5.1 கலவையை அப்படியே எடுத்து, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரையில் உள்ள வழக்கமான விகிதத்தில் இரண்டு சேனலாக மடக்கினேன்.

```
Lo = L + 0.707*C + 0.707*Ls
Ro = R + 0.707*C + 0.707*Rs
```

L, R முன்பக்க இடது வலது, C சென்டர், Ls, Rs இடது வலது சரவுண்ட், Lo, Ro கிடைக்கும் ஸ்டீரியோவின் இடது வலது. 0.707 என்றால் 3 டெசிபல் குறைவு. சென்டரில் இருப்பது இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிந்து போவதால் இந்தக் குறைப்பு. அடியதிர்வுக்கான எல்எஃப்இ சேனல் இந்த விகிதத்தில் சேராது, விட்டுவிட்டேன். மூன்று சேனலும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் கூட்டுத்தொகை 2.414 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 7.7 டெசிபல் மேலே போகும். அது உடைந்து கேட்காமல் இருக்கக் கடைசியில் ஒரு லிமிட்டர் போட்டேன். சந்தைக் காட்சியையும் முடிவுக் காட்சியையும் ஹெட்போனில் கேட்டேன், சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அந்தப் படத்தின் ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம் என்பதை அன்று நான் கணக்கில் எடுக்கவில்லை. மனப்பாடமான வரியை எவ்வளவு மூடி வைத்தாலும் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

சமூக மன்றத்தில் கேட்டது

மன்றக் கூடத்தில் சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சிறிய மிக்சர். மடிக்கணினியிலிருந்து வந்த இரண்டு சேனலையும் தொண்டூழியர் மிக்சரில் நடுவில் வைத்திருந்தார். அது வழக்கம்தான். பேச்சுக் கூட்டங்களுக்குப் பழகிய கூடம், எல்லாப் பக்கமும் எல்லாம் கேட்க வேண்டும். ஆக எங்கள் ஸ்டீரியோவின் இரண்டு சேனலும் அங்கே ஒன்றாகக் கூடி மோனோவாக ஒலித்தது.

மூன்று இடங்களில் கோளாறு தெரிந்தது.

தேக்கா ஈரச்சந்தையில் பாட்டியும் மகனும் பேசும் காட்சியில், பேச்சு கேட்கிறது, ஆனால் புரியவில்லை. பின்னால் உறுமி வரும்போதெல்லாம் குரல் உள்ளே அமுங்கி எழுந்தது.

பாட்டி மனசுக்குள் பேசிக்கொள்ளும் பகுதிகளில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் ஆன்ட்டி இடைவேளையில் இயக்குநரிடம், “ஏன் தம்பி, மகன் வந்தான்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் மக வந்த மாதிரி காட்டுறீங்க?” என்று கேட்டார். வசனம் “நேத்து அவ வந்தா” என்பதுதான். அவர் காதில் “அவன் வந்தான்” என்று விழுந்திருக்கிறது. பேச்சுத் தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது கடைசியில் மூக்கில் தொட்டுப் போகும் ஒரு சின்ன ஒலி மட்டும்தான். அது கலைந்தால் கதையே மாறிவிடுகிறது.

மூன்றாவது, தாழ்வாரத்தில் நின்று “மழை நிக்கட்டும்” என்று மகன் சொல்லும் இடத்தில் மழையே கேட்கவில்லை.

காரணம் தேடியது

அண்ணனிடம் போனில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, மோனோல போட்டுக் கேட்டியா?” என்பதுதான். நான் கேட்கவில்லை. அடுத்ததாக, சேனல் வரிசை சரியா என்று பார்க்கச் சொன்னார். திரைப்பட வழக்கில் இடது, சென்டர், வலது என்று வரிசை போகும். தொலைக்காட்சி வழக்கில் இடது, வலது, சென்டர். மாறிப்போனால் வசனம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும். எங்கள் கோப்பில் அந்தத் தவறு இல்லை.

பிறகு ஒவ்வொரு காட்சியாக எடுத்தேன்.

சந்தைக் காட்சியில் ஒலி அலைகள் ஒன்றை ஒன்று அழிக்கும் ஃபேஸ் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே நடந்தது வேறு. திரையரங்கில் பேச்சு முன்னாலிருந்தும் கூட்டம் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வருகிறது. திசை வேறுபடுவதால் காது இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. அதனால்தான் கலவைக் கூடத்தில் கூட்டத்தைத் தாராளமாக ஏற்றி வைக்க முடிந்தது. ஸ்டீரியோவில் அந்தத் திசை போய்விடுகிறது. குரல், உறுமி, மீன்காரர் கூவல், எல்லாம் அதே இரண்டு ஸ்பீக்கரில். போதாததற்கு, நடுவில் ஸ்பீக்கரே இல்லாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வரும்போது, ஒவ்வொரு காதுக்கும் எதிர்ப்பக்க ஒலி ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேர்கிறது. அதனால் 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குரலில் ஒரு பள்ளம் விழும். ழ, ள, ற எல்லாம் தெளிவது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

இன்னொன்றும் இருந்தது, அதை நான் தெரிந்திருந்தும் மறந்திருந்தேன். திரையரங்கு அளவீட்டில் முன்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கும், சரவுண்ட் பக்கம் ஒவ்வொன்றையும் 82 டெசிபலுக்கும் வைப்பார்கள். அறையே 3 டெசிபல் குறைவாக ஒலிப்பதால், கலவை செய்பவர் அதை ஈடுகட்டி சரவுண்டைக் கோப்பில் 3 டெசிபல் கூடுதலாகப் பதிகிறார். கோப்பைக் கணினியில் மடக்கும்போது அந்த அறை இல்லை. ஆக எங்கள் சந்தைக் கூட்டம், அண்ணன் கேட்டு முடிவு செய்த அளவைவிட 3 டெசிபல் சத்தமாகவே ஸ்டீரியோவுக்குள் வந்திருந்தது. சேனல்களின் உச்சங்கள் கூடும்போது லிமிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தியது. உறுமி அடிக்கும்போது குரல் அமுங்கியது அதனால்தான்.

குழாய்க் குரலுக்கு வேறு வழி தேவைப்பட்டது. சென்டரை மட்டும் கேட்டேன், குரல் சுத்தம். சரவுண்டைச் சேர்த்ததும் குழாய். சரவுண்டை நிறுத்தினால் மறுபடி சுத்தம். அப்படியானால் சரவுண்டிலும் அதே குரல் இருக்க வேண்டும். வசனம் மட்டும் தனியாக இருக்கும் ஸ்டெம் கோப்பைத் திறந்து, பாட்டி “வீட்டுல” என்று சொல்லும் இடத்தில் ட் ஒலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாக்கு அண்ணத்தைவிட்டு வெடித்து விலகும் அந்தக் கூர்மையான கோடு சென்டரில் ஓரிடத்தில் இருந்தது. இரண்டு சரவுண்டிலும் அதே கோடு, உயரம் பாதியாக, 576 சாம்பிள் தள்ளி இருந்தது. 48000 சாம்பிள் வேகத்தில் அது 12 மில்லிநொடி.

மனக்குரல் பார்ப்பவரைச் சுற்றி ஒலிக்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். அதற்காகக் குரலின் நகலை 12 மில்லிநொடி தாமதித்து, 6 டெசிபல் குறைத்து, சரவுண்டுக்கு அனுப்பியிருந்தோம். அரங்கில் அது பல ஸ்பீக்கரிலிருந்து, வேறு திசையிலிருந்து, வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. காது அதை இடத்தின் விரிவாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டீரியோவில் மின்சாரமாகவே அசலோடு கூடிவிடுகிறது. ஒரு குரலும் அதன் 12 மில்லிநொடி நகலும் கூடினால், சுமார் 42 ஹெர்ட்ஸில் முதல் பள்ளமும், அதன்பின் ஒவ்வொரு 83 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளமும் சீப்புப் பல் போல வரும். நகல் பாதி உயரம் என்பதால் மேட்டில் 3.5 டெசிபல் கூடுதல், பள்ளத்தில் 6 டெசிபல் குறைவு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 9.5 டெசிபல் வித்தியாசம், அதுவும் குரலின் எல்லை முழுக்க. “வந்தா” “வந்தான்” ஆனது இதில்தான் என்று நினைக்கிறேன்.

மழைக்கு அதிக நேரம் ஆகவில்லை. சரவுண்ட் இரண்டையும் ஃபேஸ் மீட்டரில் வைத்ததும் முள் எதிர் எல்லையில், மைனஸ் ஒன்றில் போய் நின்றது. ஒரே மோனோ மழைப் பதிவை இடது சரவுண்டில் நேராகவும் வலது சரவுண்டில் போலாரிட்டி திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கியும் வைத்திருந்தோம். அரங்கில் அகலமாகத் தெரிந்தது. மோனோவில் கூட்டினால் ஒன்றை ஒன்று முழுசாகக் கழித்துவிடும். இது அவசரத்தில் நானே செய்தது.

எடுத்த முடிவுகள்

முடிந்த கலவையைத் திருத்துவதை விட்டுவிட்டு, வசனம், இசை, ஒலிகள் என்ற மூன்று ஸ்டெம்மிலிருந்தும் தனித்தனியாக மடக்குவது என்று முடிவு செய்தோம். முடிந்த கலவையில் சென்டரை ஏற்றினால் வசனத்தோடு காலடி, கதவு, பாத்திரச் சத்தம் எல்லாம் ஏறும். குழாய்க் குரலை ஈக்யூ போட்டுச் சரிசெய்யலாமா என்று இயக்குநர் கேட்டார். 83 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக இருக்கும் பள்ளங்களை நிரப்பப் போனால் அதே இடத்தில் இருக்கும் இசையும் ரயிலும் மேடேறும், குரல் திரும்பி வராது.

சரவுண்டைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரையரங்கு அளவீட்டுக்கான 3 டெசிபலை எடுத்த பிறகும், சீப்பின் மேடு 2.6 டெசிபல், பள்ளம் 3.8 டெசிபல் என்று நின்றது. சிறியதாகிறது, போகவில்லை. அதனால் வசன ஸ்டெம்மில் சென்டரை மட்டும் எடுத்துக்கொண்டோம். சரவுண்டில் இருந்த நகல் முழுவதையும் கைவிட்டு, மனக்குரலுக்கு ஒரு சின்ன ஸ்டீரியோ ரிவெர்ப் புதிதாகப் போட்டோம். ரிவெர்ப் என்பது அடர்ந்து சிதறிய எதிரொலி. தனி நகலைப் போல ஒழுங்கான பற்களைச் செதுக்காது. சுற்றி ஒலிக்கும் அந்த உணர்வு ஓரளவு போனது உண்மை. இயக்குநருக்கு வருத்தம்தான். பாட்டி சொல்வது புரிவது முக்கியம் என்று ஒத்துக்கொண்டார்.

சந்தைக் காட்சியில் குரலை 4 டெசிபல் ஏற்றிப் பார்த்தோம். புரிந்தது, ஆனால் சந்தைக்கு நடுவே ஒலிபெருக்கியில் பேசுவது போல ஆகிவிட்டது. அப்புறம் இப்படிச் செய்தோம். சரவுண்டில் அளவீட்டு 3 டெசிபலைக் கழித்து, மடக்கும் விகிதத்தின் 3 டெசிபலையும் கழித்தோம். பேச்சு வரும் இடங்களில் மட்டும் கூட்டத்தை ஃபேடரில் இன்னும் 2 டெசிபல் இறக்கினோம். இசையில் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, வசனம் ஒலிக்கும்போது மட்டும் அதிகபட்சம் 3 டெசிபல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூ வைத்தோம். இதற்குப் பிறகு குரலை ஏற்ற வேண்டியிருந்தது 1.5 டெசிபல்தான். உறுமியின் அடி அதிர்வு அப்படியே இருந்தது, விளிம்பு மட்டும் குரலுக்கு வழிவிட்டது.

மழையில், வலது சரவுண்டின் போலாரிட்டியை நேராகத் திருப்பினால் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே மழையாகி, அது சரியாக நடுவில், குரலின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஆகவே பழைய மழையை எடுத்துவிட்டேன். அது ஒலிகள் ஸ்டெம்மில் கலந்திருந்ததால் அந்தக் காட்சிக்கு மட்டும் ஸ்டெம்மைத் தொகுப்பிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அப்போது ஆண்டிறுதி, வடகிழக்குப் பருவமழைக் காலம். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மைக்கை ஓரடி இடைவெளியில் வைத்து ஒரு மாலையில் புதிய மழையைப் பதிந்தேன். இரண்டு சேனலிலும் வெவ்வேறு துளிகள் என்பதால் மோனோவில் கூட்டினாலும் மழை நிற்கிறது.

நண்பர் ஒருவர், சரவுண்டை 90 பாகை ஃபேஸ் திருப்பி மடக்கும் எல்டி ஆர்டி முறையில் செய்யலாமே என்றார். வீட்டில் டீகோடர் வைத்திருப்பவருக்கு அதில் சரவுண்ட் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முறையில் சரவுண்ட் இடதிலும் வலதிலும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கும், மோனோவில் கூட்டினால் காணாமல் போகும். எங்கள் படம் முதலில் போகப்போவது மோனோக் கூடங்களுக்கு. அதனால் சாதாரண மடக்கலே போதும் என்று விட்டோம்.

எல்எஃப்இயை மறுபடியும் விட்டோம். ஓரிடத்தில் மட்டும் இடிச்சத்தம் முழுக்க அதிலேயே இருந்தது. அந்த ஒரு இடியை எடுத்து முன்பக்கத்தில் மெதுவாகச் சேர்த்தோம். கடைசியாக மொத்த அளவைத் தளம் கேட்ட சராசரிச் சத்தத்துக்கு ஒரே ஃபேடரில் கொண்டுவந்தோம். லிமிட்டர் படம் முழுக்க இரண்டு இடங்களில்தான் தொட்டது.

அதன்பின் நடந்தது

இம்முறை என் காதை நம்பவில்லை. படத்தைப் பார்க்காத எட்டுப் பேரை இரண்டு குழுவாகப் பிரித்தோம். உறவினர்கள், அக்கம்பக்கத்தவர், பாதிப்பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். படமும் துணைவரியும் இல்லாமல் பத்து வசனங்களை ஒரு சாதாரணத் தொலைக்காட்சியின் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, கேட்டதைச் சொல்லச் சொன்னோம். ஒரு குழுவுக்குப் பழைய வடிவம், மற்றதுக்குப் புதியது. ஒரே ஆளுக்கு இரண்டையும் போட்டால் இரண்டாவது தடவை வசனம் தெரிந்துவிடும். பழையதில் ஒருவரும் ஏழுக்கு மேல் சரியாகச் சொல்லவில்லை. புதியதில் எல்லோரும் எட்டோ அதற்கு மேலோ சொன்னார்கள். நாலு நாலு பேர்தான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் “நேத்து அவ வந்தா” புதிய குழுவில் நால்வருக்கும் சரியாக விழுந்தது.

ஜனவரியில் இன்னொரு சமூக மன்றத்தில் காட்சி. கூடத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், மிக்சரில் இடதையும் வலதையும் ஒரே புள்ளியில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். மழை கேட்டது. சந்தைக் காட்சியில் பின்வரிசையிலிருந்தும் சிரிப்பு வந்தது. முந்தைய கூடத்தில் அந்த நகைச்சுவை வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. தளத்திலிருந்தும் கோப்பைத் திருப்பி அனுப்பவில்லை.

தீராத ஒன்று இருக்கிறது. ரயில் நிலையக் காட்சியில் மகளின் குரலோடு அறிவிப்பு ஒலி சென்டரிலேயே பதிவாகிவிட்டது, படப்பிடிப்பு மைக்கிலேயே சேர்ந்தது. அரங்கில் பெரிய திரையில் உதடு தெரிவதால் சமாளித்தது. ஸ்டீரியோவில் அந்த ஒரு வரி இன்னும் தெளிவில்லை. மறுபடி டப்பிங் செய்ய நடிகை அப்போது ஊரில் இல்லை.

அடுத்த படத்தில் மாற்றியவை

கலவைக் கூடத்திலேயே ஒவ்வொரு நாள் முடிவிலும் மேலே சொன்ன விகிதத்தில் ஸ்டீரியோவாகவும், பிறகு மோனோவாகவும் ஐந்து நிமிடம் கேட்கிறோம். அதற்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கரை மேசையில் வைத்திருக்கிறோம். இந்த ஐந்து நிமிடம் இருந்திருந்தால் குழாய்க் குரல் முதல் நாளே தெரிந்திருக்கும்.

வசனத்தின் தாமதித்த நகலைச் சரவுண்டுக்கு அனுப்புவதில்லை. சுற்றி ஒலிக்க வேண்டுமென்றால் ரிவெர்ப் மட்டும், அதுவும் உலர்ந்த குரலோடு சேராத தனி ஸ்டெம்மில். போலாரிட்டி திருப்பி அகலமாக்கும் வேலை அறவே கிடையாது.

ஸ்டெம் கோப்போடு ஒரு தாள் போகிறது. சேனல் வரிசை எது, சரவுண்ட் 82 டெசிபலில் அளவிட்ட அறையில் கலக்கப்பட்டதா, எல்எஃப்இயில் மட்டும் இருக்கும் ஒலி எந்தெந்த நிமிடத்தில் என்று அதில் எழுதுகிறோம். ஸ்டீரியோவாக்கும் ஆள் நானாகவே இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தொடங்குகிறேன்.